பெல்ட்டை இறுக்கினால் மட்டும் மெஷின் ஓடாது

நம்பிக்கை: பெல்ட் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லா ஓடும்.

கால் மெஷின் வாங்கி வீட்டில் இறக்கிய அன்றே பக்கத்து வீட்டு மதினி சொல்லிவிடுவார்: “பெல்ட்ட நல்லா இழுத்துக் கட்டு, அப்பதான் ஓடும்.” ஸ்ரீவைகுண்டம், கருங்குளம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிக் கரையில் எந்த ஊரிலும் இந்த யோசனைக்குப் பஞ்சமில்லை. கல்யாணச் சீராக வந்த மெஷினோ, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த மெஷினோ, புதிதாக உட்காருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

உண்மை வேறு. பெல்ட்டின் வேலை கீழே உள்ள பெரிய சக்கரத்தின் சுழற்சியை மேலே உள்ள சின்னச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது. வழுக்காத அளவுக்குப் பிடிமானம் இருந்தால் அது போதும். அதற்கு மேல் இறுக்கினால் மேல் சக்கரத்தின் தண்டு ஒரே பக்கமாக இழுபடும், புஷ் தேயும், மிதி கனக்கும். கனக்கிற மிதியில் பழகும் கால் விட்டு விட்டு மிதிக்கும், தையலும் அதற்கேற்ப வளையும்.

சரியான அளவை விரலாலேயே பார்க்கலாம். மேசைக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவில் பெல்ட்டை ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். அரை அங்குலம் போல உள்ளே போனால் சரி. வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால் இறுக்கம். மிதிக்கும்போது பெரிய சக்கரம் சுற்றியும் ஊசி தயங்கி நின்றால் தளர்வு.

புதுத் தோல் பெல்ட் தேவைக்கு மேல் நீளமாகவே வரும். மேசையின் இரண்டு துளை வழியாகவும் விட்டு, மேல் சக்கரத்தின் பள்ளத்திலும் கீழ்ச் சக்கரத்தின் பள்ளத்திலும் படியவைத்து, இரண்டு முனையும் சேரும் இடத்தில் குறி போட்டு வெட்டுங்கள். பிறகு ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் துளை போட்டு, கம்பிக் கொக்கியை மாட்டி, அதன் காலைத் தட்டி மடக்குங்கள். ஓரத்தை ஒட்டித் துளை போட்டால் தோல் கிழிந்துவிடும். கொக்கி தட்டையாகப் படியாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று சத்தம் வரும். சில வாரம் தைத்தபின் தோல் நீளும். அப்போது கால் அங்குலம் மட்டும் வெட்டிச் சேர்த்துப் பாருங்கள். ஒரேயடியாக ஒரு அங்குலம் வெட்டிவிட்டால் புது பெல்ட்தான். வழுக்குகிறதே என்று பெல்ட்டில் எண்ணெய் தடவுவோரும் உண்டு. வழுக்கல் அதனால் கூடத்தான் செய்யும்.

நம்பிக்கை: மெஷின் கனக்குதா? எண்ணெய் விடு.

எண்ணெய்க் குறையால் கனப்பது உண்டுதான். ஆனால் கனத்துக்குக் காரணம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று தெரியாமல் எண்ணெய் விடுவதில் பயனில்லை. கண்டுபிடிக்க வழி எளிது. பெல்ட்டை மேல் சக்கரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். இப்போது மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பிறகு மிதியைத் தனியே மிதியுங்கள். இரண்டும் தனித்தனியே லேசாக ஓடினால் குற்றவாளி பெல்ட்தான். மிதி மட்டும் கனத்தால் ஸ்டாண்டைப் பாருங்கள். நான்கு காலும் தரையில் படியாமல் ஆடும் ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டு மிதியைப் பிடிக்கும். பட்டியக்கல் தரையில் இது சகஜம், ஒரு அட்டைத் துண்டை மடித்து அடியில் வைத்தால் தீரும். மேல் சக்கரம் கனத்தால் பாபின் பெட்டியைக் கழற்றி ஷட்டில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அறுந்த நூல் சுற்றிக்கொண்டிருக்கும். பாபின் சுற்றும் சின்ன உருளை சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தாலும் கனக்கும். நூல் சுற்றி முடித்ததும் அதைத் தள்ளிவிட மறந்திருப்பீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் இங்கே நினைவை விட்டுப் போகாது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோன வெள்ளம் அது. அப்படித் தண்ணீர் புகுந்த வீட்டுப் பழைய மெஷினை விலைக்கு வாங்குபவர்கள் மேலாக எண்ணெய் விட்டு ஓட்டக்கூடாது. உள்ளே வண்டல் இருந்தால் எண்ணெயோடு குழைந்து உலோகத்தையே அராவும். முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கையால் சுற்றி, கறுப்பாக வருவதைத் துடைத்து எடுத்த பிறகே மெஷின் எண்ணெய், அதுவும் துளைக்கு ஓரிரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட அது பிசினாகி மெஷினை இறுக்கிவிடும்.

நம்பிக்கை: மிதித்தால் தானாகச் சரியான பக்கம் சுற்றும்.

மிதிக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கமும் சுற்றும். மேல் சக்கரத்தின் மேற்பகுதியைக் கையால் உங்களை நோக்கி இழுத்துவிட்டு, அதன் பிறகு மிதியைத் தொடர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் ஷட்டிலில் சிக்கி அறும். பழகும்போது மேல் சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்திவிடுங்கள், சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, நிற்காமல் ஒரே பக்கம் ஓடும்வரை இப்படியே மிதிக்கலாம். நூல் கோப்பது அதற்கப்புறம்.

நம்பிக்கை: அடியில் நூல் கொசகொசன்னு வந்தா பாபின்லதான் கோளாறு.

இதுதான் அதிகம் ஏமாற்றும் நம்பிக்கை. அடியில் வளையம் வளையமாகத் தொங்குவது பெரும்பாலும் மேல் நூல். சந்தேகமிருந்தால் மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டுத் தைத்துப் பாருங்கள். துணியின் அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் மேல் நூலைப் பிடிக்க வேண்டிய டென்ஷன் தட்டுகள் அதைப் பிடிக்கவில்லை. டென்ஷன் திருகைத் திருகுமுன் கோத்த விதத்தைப் பாருங்கள்.

பாதத்தை இறக்கியபடியே நூல் கோப்பதுதான் வழக்கமான தவறு. பாதம் கீழே இருக்கும்போது அந்த இரண்டு தட்டுகளும் மூடிக்கொள்ளும், நூல் அவற்றுக்கு நடுவே இறங்காமல் மேலாக நின்றுவிடும். ஆகவே பாதத்தைத் தூக்கிவிட்டு, நூல்கண்டிலிருந்து வரும் நூலைத் தட்டுகளுக்கு இடையில் இழுத்து இறக்கி, பக்கத்திலுள்ள சின்னக் கம்பிச் சுருளில் மாட்டி, மேலும் கீழும் போய்வரும் நூல் தூக்கியின் துளையில் விட்டு, வழியிலுள்ள கொக்கிகள் வழியாக ஊசிக்குக் கொண்டுவாருங்கள். நூல் தூக்கியை விட்டுவிட்டாலும் இதே வளையம்தான் வரும். கோத்தபின் ஒரு சோதனை: பாதம் மேலே இருக்கையில் இழுத்தால் நூல் தாராளமாக வர வேண்டும், பாதத்தை இறக்கி இழுத்தால் பிடித்து வர வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் போகவில்லை.

ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் என்பதில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மெஷினுக்கு மெஷின் அது மாறும். மேசைத் தகட்டைத் தள்ளி சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள், ஷட்டிலின் கூர்முனை ஊசியை எந்தப் பக்கம் கடக்கிறதோ அந்தப் பக்கம் தட்டை. எதிர்ப்பக்கத்தில் நகத்தால் தடவினால் நீளப் பள்ளம் தட்டுப்படும், நூல் நுழைய வேண்டியது அந்தப் பக்கத்திலிருந்து.

கடைசியாக மேல் நூலின் முனையை இடக்கையால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் பாபின் நூல் மேலே வரும். இரண்டு நூலையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக நான்கு அங்குலம் விடுங்கள். நூல் தூக்கி உச்சியில் இருக்கும்போதே தையலைத் தொடங்குங்கள், நிறுத்தும்போதும் அங்கேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த தையலின் முதல் அசைவிலேயே அது ஊசியிலிருந்து நூலை உருவிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மேல் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடறினால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.