ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை: லேண்டிங் பக்கம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

விளம்பரத்தையோ பகிரப்பட்ட இணைப்பையோ தட்டியவர் முதலில் வந்து சேரும் பக்கமே லேண்டிங் பக்கம். இணையத்தளத்தின் முகப்புப் பக்கத்துக்குப் பலர் பல தேவைகளோடு வருவார்கள். லேண்டிங் பக்கத்துக்கு வருபவரின் தேவையோ, அவர் தட்டிய விளம்பரத்திலிருந்தே தெரிந்துவிடும். அவர் செய்ய வேண்டிய ஒரே வேலையைக் கண்ணில் படும்படி வைப்பதுதான் இந்தப் பக்கத்தின் வடிவமைப்பு.

கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் ஒரு குடும்பம் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறது என்றும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலைப் படகுப் பயணமும் நடத்துகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். படகுப் பயணத்துக்கு பேஸ்புக்கில் விளம்பரம் போகிறது. தட்டினால் வரும் பக்கத்தின் தலைப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. அதற்குக் கீழே ‘அறைகளைப் பாருங்கள்’, ‘படகுப் பயணம்’, ‘அழையுங்கள்’, ‘வாட்ஸ்அப்’, ‘எங்களைத் தொடருங்கள்’ என ஐந்து பட்டன்கள் ஒரே அளவில், ஒரே நிறத்தில் நிற்கின்றன.

நம்பிக்கை: பட்டன் கூடினால் யாராவது ஏதாவது ஒன்றைத் தட்டுவார்கள்.

இதை மறுப்பவர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது 2000இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வு. 24 வகை ஜாம் வைத்த மேசையைவிட 6 வகை வைத்த மேசையில்தான் விற்பனை அதிகம். ஆனால் 2010இல் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரி விளைவு பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. ஆகவே தெரிவுகள் கூடினாலே மனிதர் திகைத்துப்போவார் என்பதை விதியாகச் சொல்ல முடியாது.

கட்டைபறிச்சான் பக்கத்தின் கோளாறு வேறு. படகுக்காக வந்தவரை ‘எங்களைத் தொடருங்கள்’ பட்டன் பேஸ்புக்குக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த விளம்பரத்துக்குக் கொடுத்த காசும் அவரோடே போய்விடுகிறது. ‘அழையுங்கள்’, ‘வாட்ஸ்அப்’ இரண்டும் ஒரே வேலையின் இரு வழிகள். இரண்டும் சம உரத்தில் கூப்பிடுவதால் எதற்குப் பதில் வரும் என்று வாசிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. திருத்தும்போது வாட்ஸ்அப் மட்டும் பட்டனாக நிற்கும். தொலைபேசி எண் அதன் கீழே சாதாரண எழுத்தில் வரும். அறைகள் பற்றி ஒரு வரி போதும், அதுவும் பக்கத்தின் அடியில். மொழித் தெரிவு பட்டன்களும் போட்டிக்கு நிற்பவையே. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் மேல் மூலையில் சிறிய எழுத்தில் வைக்கலாம். விளம்பரத்தின் மொழியிலேயே பக்கமும் திறந்தால் இன்னும் நல்லது.

நம்பிக்கை: ஒரே அழைப்பு என்றால் பக்கத்தில் ஒரே பட்டன்தான் இருக்க வேண்டும்.

ஒன்றாக இருக்க வேண்டியது வேலை. பட்டன் எத்தனை தடவையும் வரலாம். நீளமான பக்கத்தில் தலைப்பை ஒட்டி ஒன்று, விலைக்குக் கீழே ஒன்று, இறுதியில் ஒன்று என்று வைப்பது சரியே. ஆனால் மூன்றிலும் சொற்களும் நிறமும் மாறக் கூடாது. ஓரிடத்தில் ‘முன்பதிவு’, இன்னோரிடத்தில் ‘விசாரியுங்கள்’ என்றிருந்தால், அவை இரு வேறு வேலைகள் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நம்பிக்கை: திரையை உருட்டாமல் தெரியும் இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும்.

நீல்சன் நார்மன் குழுமம் கண்ணசைவை அளந்து 2010இல் கண்டது, பார்வை நேரத்தில் 80 சதவீதம் முதல் திரையிலேயே கழிகிறது என்பது. 2018இல் அது 57 சதவீதமாக இறங்கியிருந்தது. முதல் திரை இன்னும் முதன்மையானதுதான், ஆனால் மக்கள் உருட்டுகிறார்கள். அதனால் முதல் திரையில் நான்கு விடயங்கள் இருந்தால் போதும்: என்ன பயணம் என்ற தலைப்பு, ஒரே ஒரு படம், நேரமும் ஆளுக்கு எவ்வளவு ரூபா என்பதும் சொல்லும் ஒரு வரி, பட்டன். எங்கே ஏறுவது, பாதுகாப்பு அங்கி உண்டா, மழை வந்தால் பணம் திரும்புமா என்ற கேள்விகளுக்குப் பதில் கீழே வரலாம். தயங்குபவர்தான் அவற்றைத் தேடி உருட்டுவார்; பதில்கள் முடியும் இடத்தில் பட்டன் மறுபடி நிற்க வேண்டும்.

ஓடும் படங்களுக்கு இங்கே இடமில்லை. அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013இல் எண்ணிப் பார்த்தபோது, வந்தவர்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினரே அத்தகைய படவரிசையைத் தட்டியிருந்தனர். தட்டியவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தட்டியது முதற்படத்தை.

நம்பிக்கை: பட்டன் சிவப்பாக இருந்தால் தட்டுவார்கள்.

எந்த நிறத்துக்கும் தனியாக வசியம் கிடையாது. கடல் நீலமும் வெள்ளையும் நிறைந்த பக்கத்தில் செம்மஞ்சள் பட்டன் தனித்துத் தெரியும். சிவப்புத் தலைப்பு, சிவப்புக் கோடு, சிவப்புச் சின்னம் உள்ள பக்கத்தில் சிவப்புப் பட்டன் கூட்டத்தோடு கரைந்துபோகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் அளவு. வெயிலில் கைத்தொலைபேசி பார்ப்பவருக்கு இதன் அருமை புரியும்.

நிறத்தைவிடச் சொல்லும் படமும் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒபாமாவின் தேர்தல் பிரசாரம் 2007 டிசம்பரில் நடத்திய சோதனை சான்று. நான்கு பட்டன் சொற்களையும் ஆறு படம், வீடியோக்களையும் கலந்து 24 வடிவங்கள் ஆக்கி, வந்தவர்களுக்குப் பிரித்துக் காட்டினார்கள். வீடியோதான் வெல்லும் என்பது பிரசார அணியின் எதிர்பார்ப்பு. வென்றது குடும்பப் படமும், ‘மேலும் அறிய’ என்ற பொருள் தரும் பட்டனும். பதிவு செய்தோர் விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக ஏறியது. முன்பிருந்த பட்டன், ‘பதிவு செய்க’ என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டது.

கட்டைபறிச்சான் பக்கத்துக்கும் இது பொருந்தும். ‘முன்பதிவு செய்க’ என்றால் இப்போதே பணம் கட்ட வேண்டுமோ என்ற தயக்கம் எழும். ‘வாட்ஸ்அப்பில் நாள் கேளுங்கள்’ என்பது நடக்கப்போவதை அப்படியே சொல்கிறது. தமிழில் பட்டன் சொற்கள் நீளும் என்பதால், 360 பிக்சல் அகலத் திரையில் அது ஒரே வரியில் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

```
<a class="main" href="https://wa.me/947XXXXXXXX">வாட்ஸ்அப்பில் நாள் கேளுங்கள்</a>
```

எண்ணில் கூட்டல் குறியோ முதல் பூச்சியமோ இடைவெளியோ வரக் கூடாது. 077 என்று உள்ளூர் முறையில் எழுதினால் பட்டன் அழகாக நிற்கும், ஆனால் செய்தி போய்ச் சேராது. இந்தப் பிழை வெளியிலிருந்து தெரியாததால், இன்னொருவரின் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

நம்பிக்கை: இரண்டு வடிவங்களைச் சோதித்தால் எது நல்லது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒபாமாவின் சோதனையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பக்கத்தைப் பார்த்தனர். சிறிய விடுதியின் நிலைமை அப்படியல்ல. நூற்றுக்கு நான்கு பேர் தட்டுகிறார்களா, ஆறு பேரா என்று நம்பிக்கையோடு பிரித்தறியவே ஒவ்வொரு வடிவத்தையும் சுமார் 1,900 பேர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்தையும் 200 பேர் பார்த்து, ஒன்றில் 8 பேரும் மற்றதில் 12 பேரும் தட்டினால், அந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது.

இவ்வளவு வருகை இல்லாத இடத்தில் எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்தை முன்பு பார்த்திராத நாலைந்து பேரிடம் கைத்தொலைபேசியில் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, அங்கே என்ன செய்யச் சொல்லியிருந்தது என்று கேட்க வேண்டும். ‘படகுக்கு வாட்ஸ்அப் பண்ணச் சொல்லுது’ என்று வந்தால் அமைப்பு சரி. ‘ஏதோ ஹோட்டல் போல’ என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பையும் படத்தையும். பட்டனின் நிறம் அதற்குப் பிறகுதான்.