நான்கு பேர், இரண்டு கடிகாரங்கள்

நம்பிக்கை: லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால் 24 மணி நேரமும் ஆள் வேண்டும். மூன்று ஷிஃப்ட், நான்கு பேர் போதும்.

உண்மை: போதாது. வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஆளுக்கு ஐந்து நாள் வேலை என்றால் நான்கு பேருக்கு 20தான் வரும். யாரும் லீவு போடும் முன்பே ஒரு ஷிஃப்ட் காலி.

ஆனால் 24 மணி நேரமும் தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கோடையில் லண்டனின் காலை 9 முதல் மாலை 5 வரை நமக்குப் பிற்பகல் 1:30 முதல் இரவு 9:30. சான் பிரான்சிஸ்கோவின் அதே அலுவலக நேரம் நமக்கு இரவு 9:30 முதல் விடிகாலை 5:30. மீதமுள்ள எட்டு மணி நேரம், அதாவது நம் காலைப்பொழுது முழுக்க, இரண்டு ஊரிலும் அலுவலகம் மூடியிருக்கும். அந்தக் காலை ஷிஃப்டை எடுத்துவிட்டு வார நாட்களை மட்டும் பார்த்தால் பத்தே ஷிஃப்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருவர் இருப்பார். வாரத்தின் கடைசி நைட் ஷிஃப்ட் நம் சனிக்கிழமை விடிகாலையில்தான் முடியும் என்பதை மட்டும் ரோஸ்டரில் தெளிவாக எழுதிவிடுங்கள். வார இறுதியிலும் சேவை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆள் கூட்டித்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கை: நைட் ஷிஃப்டை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்வதே நியாயம்.

உண்மை: உடலின் தூக்க நேரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். வார முடிவில் உடம்பு இரவுக்குப் பழகத் தொடங்கும்போது பகலுக்குத் திருப்பி இழுக்கிறோம். விரும்பி வருபவருக்கு நைட் அலவன்ஸ் கொடுத்து, குறைந்தது ஒரு மாதமாவது ஒரே ஷிஃப்டில் விடுவதே என் பரிந்துரை.

நம்பிக்கை: நேரத்தை ஒருமுறை குறித்தால் வருடம் முழுக்க அதுதான்.

உண்மை: நம் கடிகாரம் நகராது, அவர்களுடையது நகரும், அதுவும் வேறு வேறு தேதியில். 2026இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றும் பிரிட்டன் மார்ச் 29 அன்றும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளின. குளிர்காலத்தில் ஷிஃப்ட் கைமாறுவது இரவு 10:30க்கு. அதை அப்படியே விட்டிருந்தால், இடைப்பட்ட மூன்று வாரமும் சான் பிரான்சிஸ்கோவின் முதல் மணி நேரம் பிற்பகல் ஷிஃப்டின் தலையில் விழுந்திருக்கும். நைட் ஷிஃப்ட் ஆட்கள் 5:30க்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரம் மாறியதற்கு மறுநாள், திங்கட்கிழமையன்று, முதல் பதிலுக்கான நேரம் திடீரென்று எகிறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் நைட் ஷிஃப்ட் 9:30க்கே வரட்டும். ஒரு மணி நேரம் இரண்டு ஷிஃப்டும் சேர்ந்தே இருக்கும். காலண்டரில் ஷிஃப்டை இந்திய நேரத்தில் பதியாமல் `Europe/London`, `America/Los_Angeles` என்று அந்தந்த ஊர் நேரத்தில் பதிந்தால் இந்த மாற்றம் தானாகவே வந்துவிடும். அக்டோபர் 25க்கும் நவம்பர் 1க்கும் நடுவே, ஒரு வாரத்துக்கு, இதே சிக்கல் மறுபடி வரும்.