நாய்க்குட்டியைப் பரிசளிப்பதற்கு முன்

மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைக்கு உறவினர் தர விரும்பும் பரிசுகளுள் நாய்க்குட்டிக்குத் தனி இடம் உண்டு. ஊசியைக் கண்டு அழும் குழந்தையைத் தேற்றும் வேளையில், “வீட்டுக்கு வந்ததும் உனக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன்” என்று மாமாவோ சித்தப்பாவோ வாக்களித்து விடுகிறார். அன்பினால் பிறந்த வாக்குத்தான். ஆனால் பெரும்பாலும் அது குழந்தையின் காதுக்கு எட்டிய பிறகே பெற்றோரின் காதுக்கு எட்டுகிறது. அதன்பின் அவர்கள் இசைந்தால் மனமில்லாமல் இசைய வேண்டும். மறுத்தால் குழந்தையின் கண்ணில் கொடியவர்களாக வேண்டும். ஆகவே இப்பரிசைப் பற்றிய முதற்பேச்சு குழந்தை அருகில் இல்லாதபோது பெற்றோருடன் நடைபெற வேண்டும். அப்பேச்சில் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பதை ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. கண்ணிமையும் காலும் வீங்கி, சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறியதால் சேர்க்கப்பட்டு, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று கண்டறியப்பட்டாள். இந்நோய் முதன்முறை வரும்போது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை வழக்கமாக ஆறு வாரம் நாள்தோறும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். மொத்தம் 12 வாரங்கள். நான்காவது வாரத்தில் அவளுடைய பிறந்தநாள் வருகிறது. தாய்மாமனுக்குத் தெரிந்த வீடொன்றில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு அப்போது 45 நாள் ஆகியிருக்கும். ஒன்றைத் தூக்கிவந்து பிறந்தநாளன்று கொடுத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

முதலில் ஆராய வேண்டியது குழந்தை உட்கொள்ளும் மருந்து. ஸ்டீராய்டு இந்நோயைக் கட்டுப்படுத்துகிறது. அதே வேளையில் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கிறது. நோயின் காரணமாகவும் அவ்வாற்றல் தாழ்ந்திருக்கிறது. இத்தகைய குழந்தைக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட நோயைத் திரும்ப வரவழைக்கக்கூடும். ஆகவே மாமா அக்காவிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “அக்கா, பாப்பாவுக்கு மருந்து எத்தனை வாரம் இருக்கிறது? வீட்டில் விலங்கு வளர்ப்பது பற்றி டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்பதே. டாக்டர் எதுவும் சொல்லவில்லையென்றால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். அடுத்த பரிசோதனைக்கு வரும் நாளில் கேட்டுவிடலாம்.

அடுத்தது குட்டியின் வயது. விலங்கு வளர்த்துப் பழகியவர்களும் பிழையாக எண்ணும் இடம் இது. குட்டி சிறியது, சாதுவானது, ஆகவே தீங்கற்றது என்று நினைக்கிறோம். மெய்யாகவோ, நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கு வளர்ந்த நாயைக் காட்டிலும் குட்டியால்தான் தொல்லை மிகுதி. உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றுகின்றன. அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே குடற்புழு மருந்தைத் தொடங்கி, முதலில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் முடியும்வரை மாதந்தோறும் கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பைலோபாக்டர் என்னும் கிருமியும் குட்டிகளிடம் அதிகம். ரேபிஸ் தடுப்பூசியோ, குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. அதன்பின் பாதுகாப்பு உருவாகச் சில வாரங்கள் ஆகும். தாய்நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்களா என்பது தெருநாயின் குட்டியானால் யாருக்கும் தெரியாது.

இப்போது இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்காம் வாரம் முடியும்போது 45 நாள் குட்டி வீட்டுக்கு வருகிறது. சிறுமிக்கு இன்னும் எட்டு வாரம், அதாவது 56 நாள் மருந்து உண்டு. அவளுக்கு மருந்து நிற்கும் நாளில் குட்டிக்கு 101 நாள். ரேபிஸ் ஊசி போட்டு ஏறக்குறைய பத்து நாள்தான் ஆகியிருக்கும். குட்டி தடுப்பூசியின்றி, புழு நீங்காமல், கண்டதையெல்லாம் கவ்விப் பல் பதிக்கும் பருவம் முழுவதும், சிறுமியின் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

விளையாட்டாகக் கவ்வியதும் பிராண்டியதும் கடியே என்பதைப் பலர் ஏற்பதில்லை. குட்டியானாலும் காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த குழந்தைக்கு, இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படலாம். குழந்தை ஸ்டீராய்டு எடுப்பதை அங்குள்ள மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

ஆகவே இக்குடும்பத்துக்குரிய விடை, இந்தப் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வேண்டாம் என்பது. என்றென்றும் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மருந்து முடிந்து, மருத்துவர் இசைந்த பிறகு, ஒரு வயது கடந்த, தடுப்பூசிகளும் புழு மருந்தும் முறையாகப் பெற்ற, குணம் தெரிந்த நாயாகப் பார்க்கலாம். பிற்பாடு நோய் திரும்பி மீண்டும் ஸ்டீராய்டு தொடங்க நேர்ந்தாலும் அத்தகைய நாயால் வரும் இடர் குட்டியினால் வருவதைவிடக் குறைவு. நோய் வருமுன்பே வீட்டில் வளர்ந்துவரும் நாயை இதற்காக விரட்டிவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாயின் கழிவைக் குழந்தை தொடாதிருப்பதும், முகத்தை நக்கவிடாதிருப்பதும், உண்ணுமுன் கை கழுவுவதும் போதுமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கழிவை அன்றன்றே அகற்றுவது நல்லது. உருண்டைப் புழுவின் முட்டைகள் வெளிவந்தவுடன் தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகின்றன.

மருந்தும் கிருமியும் ஒருபுறமிருக்க, பெற்றோரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியது வேலை பற்றியது. இந்நோயுள்ள குழந்தையின் தாய் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, குழந்தையின் சிறுநீரைச் சோதனைப் பட்டையில் பார்த்து, புரதம் எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதுவது. பிறகு மருந்து, உப்புக் குறைந்த தனிச் சமையல், பள்ளி. இதனிடையே நாளுக்கு மூன்று நான்கு முறை உணவு கேட்கும், இரவில் அழும், பாயில் சிறுநீர் கழிக்கும் குட்டி ஒன்று வந்தால் அதைப் பார்ப்பவர் யார்? “பாப்பாவே பார்த்துக்கொள்வாள்” என்பது விடையாகாது. ஏழு வயதுக் குழந்தை தட்டில் தண்ணீர் வைக்கும். அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல. “தம்பி, நீ வாங்கித் தந்துவிட்டுப் போய்விடுவாய், எனக்குத்தான் இன்னொரு பிள்ளை” என்று அக்கா சொன்னால், அதைச் சலிப்பாகக் கொள்ளாமல் முழு விடையாகவே கொள்ள வேண்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டு. இச்சிறுமி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் நாளிலும் அது வீட்டில் இருக்கும். ஊசிக்கும் தீவனத்துக்கும் ஆகும் செலவை மாமா தொடர்ந்து ஏற்பாரா என்பதும் நாணாமல் பேச வேண்டியதே.

எல்லாவற்றிலும் நுட்பமானது வாக்குறுதியின் வடிவம். “உடம்பு சரியானால் நாய்க்குட்டி” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நெஃப்ரோடிக் நோய் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருமுறையேனும் திரும்ப வருகிறது. அது குழந்தையின் குற்றமன்று. பரிசை உடல்நலத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், நோய் திரும்பும் நாளில் தான் தோற்றுப்போனதாகக் குழந்தை எண்ணும். காலையில் இமை வீங்கியிருப்பதையோ சிறுநீர் குறைந்ததையோ, நாய் கிடைக்காமல் போகுமே என்று மறைக்கவும் கூடும். வீக்கத்தைத் தொடக்கத்திலேயே அறிவதில்தான் இக்குழந்தைகளின் நலம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

ஆஸ்துமா உள்ள குழந்தையென்றால் கேள்வி வேறு. அங்கே வயதான நாய், இளைய நாய் என்ற வேறுபாடு உதவாது. ஒவ்வாமையைத் தூண்டுவது முடியின் நீளமன்று. விலங்கின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் துகளிலும் உள்ள புரதம். ஆகவே ஒவ்வாமையே தராத இனம் என்று விற்கப்படுவதை நம்பி வாங்க வேண்டாம். பூனையின் புரதம், பூனை போன பின்னும் பல மாதம் மெத்தையிலும் திரையிலும் தங்கியிருக்கும். வாங்கிப் பார்த்து ஒத்துக்கொள்ளாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு பூனையைப் பொறுத்தவரை பொருளற்றது. நாயோ பூனையோ உள்ள உறவினர் வீட்டுக்குக் குழந்தையைச் சிலமுறை அழைத்துச் சென்று, அன்றிரவும் மறுநாளும் இருமல், இளைப்பு, கண் அரிப்பு வருகிறதா என்று கவனித்துப் பெற்றோர் மருத்துவரிடம் கூறலாம். ஒருமுறை வராததை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

நாய் இல்லையென்றால் வேறொன்று என்று அவசரமாகத் தேடுவோர் பெரும்பாலும் கிளியையோ ஆமையையோ நாடுகிறார்கள். நம் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்கப்படும், காதோரம் சிவப்புக் கோடுள்ள அயல்நாட்டுச் சிற்றாமை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். பார்வைக்கு நலமாகவே இருக்கும். குழந்தைகள் வாயில் வைக்கும் அளவுள்ள சிற்றாமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-லேயே தடை செய்தது இதனால்தான். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தையின் வீட்டுக்கு இது நாய்க்குட்டியைவிடத் தகாதது. கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் அப்படியே. மீன் தொட்டி ஓரளவு பொருந்தும். ஆனால் தொட்டியைக் கழுவுவதும் நீர் மாற்றுவதும் பெரியவர் வேலை, குழந்தை நீருக்குள் கைவிடக்கூடாது.

மாமா முன்னதாகவே வாக்களித்துவிட்டிருந்தால் அதைத் தளர்த்த வேண்டியவர் அவரேதான். “டாக்டர் வேண்டாம் என்றார்”, “உன் அம்மாதான் மறுத்துவிட்டாள்” என்று பழியை மாற்றினால், அடுத்த முறை ஊசி போட வரும் மருத்துவரிடமும் மருந்து கொடுக்கும் தாயிடமும் குழந்தை முரண்டு பிடிக்கும். “நாய்க்குட்டி இப்போதைக்கு இல்லை பாப்பா. குட்டி கடிக்கும், பிராண்டும். உன் மருந்து முடிகிறவரை அது உனக்கு ஆகாது. மாமா யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மருந்து முடிந்த பிறகு அம்மா, அப்பா, நான் மூவரும் பேசி முடிவு சொல்கிறோம்” என்று நேராகச் சொல்லலாம். எத்தனையாம் நாள் என்று தேதி குறிக்க வேண்டாம். பிறந்தநாளுக்கு அவள் கையில் கொடுக்க வேறொரு பொருளை அப்போதே உடன் கொண்டுசெல்வது நல்லது. வெறுங்கையோடு போய் இதைச் சொல்லக்கூடாது.