டிகாக்ஷன் இறங்கவில்லையா?

சென்ற மாதம் ஓர் அம்மாள், டிகாக்ஷன் இறங்கவில்லை என்று அரைக் கிலோ காப்பித் தூளைத் திருப்பிக் கொண்டுவந்தார். பில்டரையும் எடுத்துவரச் சொன்னோம். தூள் போடாமல் மேல் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினோம். அதுவே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. குறை தூளில் இல்லை, துளைகளில்தான் அடைப்பு. வெந்நீரில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, எஞ்சியதைக் குண்டூசியால் குத்தியெடுத்தோம்.

பிறகு 3 மேசைக்கரண்டி தூள் போட்டு, குடையால் லேசாக அமர்த்தி (அழுத்தினால் கெட்டது), கொதித்த தண்ணீர் 150 மி.லி. ஊற்றினோம். 20 நிமிடத்தில் மூவருக்கான டிகாக்ஷன் இறங்கியது.

வெறும் தண்ணீர் மளமளவென்று இறங்கி, தூள் போட்டால் மட்டும் நின்றால், மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வையுங்கள். கீழே அடைபட்ட காற்று வெளியேறும். அதற்கும் அசையாவிட்டால் தூள் மிக நைஸ், அல்லது சிக்கரி அதிகம். அந்தத் தூளை நாங்கள் மறுபேச்சின்றித் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.