மூளையின் பசி

பூதப்பாண்டியை அடுத்துப் பழையாறு ஓடுகிறது. அதில் நீராடிய சிறுவன் ஒருவன் மூழ்கி, மூச்சும் நாடியும் நின்ற நிலையில் கரை சேர்க்கப்பட்டான் எனக் கொள்க. ஐந்து நிமிடம் கழிந்திருப்பினும் அவன் கை கால்களின் தசை கெடாது; மூளையோ கெடத் தொடங்கியிருக்கும். இதற்குக் காரணம் யாது?

மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. மூளையின் உயிரணுக்கள் மின்குறிகளால் செய்தி விடுக்கின்றன. ஒவ்வொரு குறியின்போதும் சோடியம் உட்புகும், பொட்டாசியம் வெளியேறும். ஓட்டைப் படகிலிருந்து நீர் இறைப்பவனைப்போல, உயிரணு சோடியத்தை ஓயாது வெளியேற்றிப் பொட்டாசியத்தை மீட்கிறது. உறக்கத்திலும் இவ்வேலை நிற்பதில்லை. ஆற்றலின் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

தசையைப்போல மூளை தனக்கெனப் போதிய சேமிப்பு வைத்திருப்பதில்லை. இரத்த ஓட்டம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். ஆற்றல் தீர்ந்ததும் இறைப்பு நிற்கும். சோடியமும், அதைத் தொடர்ந்து நீரும் உட்புக, உயிரணு வீங்கும். பின்னர்க் கால்சியம் மிகுதியாகப் புகுந்து உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். நான்கைந்து நிமிடங்களில் தொடங்கும் இக்கேட்டால் மடிந்த உயிரணுக்கள் பெரும்பாலும் மீண்டும் தோன்றுவதில்லை. மிகக் குளிர்ந்த நீரில் மட்டும், மூளையின் தேவை குறைவதால், சற்றுக் கூடுதல் அவகாசம் கிடைத்தலுண்டு.

ஆகவே, வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயன்று காலம் கடத்தலாகாது. ஒருவர் 108 ஊர்தியை அழைக்க, பயிற்சி பெற்ற மற்றொருவர் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுதல் வேண்டும். பின்னர் நெஞ்சை முப்பது முறை அழுத்தி இருமுறை ஊதுவதை இடைவிடாது தொடர்தல் வேண்டும். மூளைக்குப் பிராணவாயு சென்றுகொண்டிருப்பதே அவன் உயிரைக் காக்கும் வழி.