தனியெழுவாயைத் தேடு

அன்புள்ள தம்பி,

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் குடியிருக்கும் நரிக்குறவ மக்களிடம் சென்று அவர்களுடைய வாக்ரி போலியைப் பதிவு செய்ய எண்ணியிருப்பதாகவும், அம்மொழி எர்கேட்டிவ் அமைப்புடையதா, அக்யூசேட்டிவ் அமைப்புடையதா என்பதை முதலில் தீர்மானிக்க விரும்புவதாகவும், ஆனால் ஒரு வரி கூடக் கற்றிராத மொழியில் அதை எங்கே தொடங்கி எப்படிக் கண்டறிவது என்று தெரியாமல் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல கேள்வி, அம்மொழிக்கு மிகவும் பொருத்தமான கேள்வியும் கூட. ஏனெனில் வாக்ரி போலி குஜராத்திக்கு உறவான ஓர் இந்தோ-ஆரிய மொழி. குஜராத்தியில் எர்கேட்டிவ் அமைப்பு இருக்கிறது. வாக்ரி போலியைப் பேசுவோரோ பல தலைமுறைகளாகத் தமிழின் நடுவே வாழ்ந்து, தமிழையும் தம் மொழிபோலவே பேசுகிறவர்கள். தமிழில் அவ்வமைப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் மொழியில் என்ன காண்பாய் என்பதை நீதான் கேட்டு அறிய வேண்டும். எப்படிக் கேட்பது என்பதை மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

நம் இலக்கணிகள் வினையைச் செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது என்று பிரித்து வைத்த பிரிவே இந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம். 'பையன் நாயை அடித்தான்' என்னும்போது கர்த்தா ஒருவன், கர்மம் ஒன்று என இருவர் இருக்கிறார்கள். 'பையன் விழுந்தான்' என்னும்போது ஒருவனே இருக்கிறான். அவனைத் தனியெழுவாய் என்று வைத்துக்கொள். தமிழில் விழுந்த பையனும் அடித்த பையனும் உருபின்றி ஒரே வடிவில் நிற்க, அடிபட்ட நாய்தான் 'ஐ' உருபு பெற்று வேறாகிறது. வினைமுற்றின் விகுதியும் இரண்டு வாக்கியங்களிலும் பையனையே காட்டுகிறது. தனியெழுவாய் இவ்வாறு கர்த்தாவோடு சேர்ந்தால் அது அக்யூசேட்டிவ் அமைப்பு. அவ்வாறன்றி, விழுந்த பையனும் அடிபட்ட நாயும் ஒரே வடிவில் நிற்க, அடித்தவன் மட்டும் தனி உருபு ஏற்றானாகில் அது எர்கேட்டிவ் அமைப்பு. ஆகவே நீ தேட வேண்டியது கர்த்தாவின் உருபை அன்று. தனியெழுவாய் எந்தப் பக்கம் சேருகிறது என்பதையே.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழறியாத ஓர் ஆராய்ச்சியாளர் நீ இருக்கும் அரியலூருக்கு வந்து, 'என்னால் இந்த மூட்டையைத் தூக்க முடியும்' என்ற வாக்கியத்தைக் கேட்டு, தூக்குபவனுக்கு 'ஆல்' என்ற உருபு வந்திருப்பதைக் கண்டு, ஆற்றலைக் குறிக்கும் வாக்கியங்களில் தமிழ் எர்கேட்டிவ் அமைப்புடையது என்று எழுதிவிடக் கூடும். அவர் இன்னும் ஒரு வாக்கியம் கேட்டிருக்க வேண்டும்: 'என்னால் நடக்க முடியவில்லை.' நடத்தல் செயப்படுபொருள் குன்றிய வினை. அங்கும் அதே 'ஆல்' வருகிறது. தூக்குபவனும் நடப்பவனும் ஒரே உருபைப் பெற, மூட்டை மட்டும் 'ஐ' பெற்று வேறாக நிற்பதால், இந்த வாக்கியங்களிலும் தமிழ் அக்யூசேட்டிவ் அமைப்பிலேயே இருக்கிறது. கர்த்தாவுக்கு உருபு வந்துவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டியவர்கள் பலர். குன்றிய வினையில் அதே உருபு வருகிறதா என்று பார்த்தவர்கள் சிலரே.

எறையூருக்குச் செல்லுமுன் உன் காதைப் பழக்கிக்கொள்ள அரியலூரிலேயே வாய்ப்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகளில் வடநாட்டுத் தொழிலாளர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஹிந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை நாடு. ஊரை விசாரித்துக்கொள்வது அவசியம். பீகாரின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தவர் வீட்டில் பேசுவது போஜ்புரியாக இருக்கும். போஜ்புரியில் நீ தேடும் 'நே' என்ற உருபே இல்லை, வினையும் கர்த்தாவையே பின்பற்றும். அவர் உன்னிடம் ஹிந்தி பேசினாலும் அந்த 'நே' சில வேளை வரும், சில வேளை வாராது. அது அவருடைய பிழையும் அன்று, உன் பிழையும் அன்று. இரண்டு மொழிகளை ஒன்றாக எண்ணிப் பதிவு செய்வதுதான் பிழையாகும்.

இனி அந்த ஹிந்தியில் ஒரு சோதனையை முழுமையாகச் செய்து பார்ப்போம். 'பையன் வந்தான்' என்பதற்கு 'லட்கா ஆயா' என்பார். 'பெண் வந்தாள்' என்பதற்கு 'லட்கீ ஆயீ' என்பார். வினை தனியெழுவாயின் பாலைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள். அடுத்து, 'பையன் ரொட்டி தின்றான்' என்று கேள்: 'லட்கே நே ரோட்டீ காயீ.' இங்கே மூன்று செய்திகள் ஒருங்கே வெளிப்படுகின்றன. 'லட்கா' என்பது 'லட்கே' என்று திரிந்து 'நே' உருபை ஏற்றது; ரொட்டி, வந்த பையனைப் போலவே உருபின்றி நிற்கிறது; வினையோ ஆணாகிய பையனை விட்டுவிட்டு, பெண்பாற் சொல்லாகிய 'ரோட்டீ'யைப் பின்பற்றி 'காயீ' என்று முடிந்தது. சந்தேகம் தீர, பாலை மாற்றிக் கேள்: பெண் ஆண்பாற் பொருளாகிய வாழைப்பழத்தைத் தின்றால் 'லட்கீ நே கேலா காயா' என்பார். கர்த்தாவும் கர்மமும் ஒரே பாலாக இருக்கும் வாக்கியம் உனக்கு ஒன்றையும் சொல்லாது, ஏனெனில் வினை எதைப் பின்பற்றியது என்று அதில் அறிய வழியில்லை. ஆதலால் இருவரையும் எப்போதும் வேறு வேறு பாலாக, பால் வேற்றுமை இல்லாத மொழியானால் வேறு வேறு எண்ணாகவோ இடமாகவோ அமைத்துக்கொள்.

இவ்வளவும் இறந்தகாலத்தில், அதுவும் முற்றுப்பெற்ற செயலில் கேட்டவை. அதே பையன் தினந்தோறும் ரொட்டி தின்கிறான் என்று கேட்டால், 'லட்கா ரோட்டீ காதா ஹை' என்பார். 'நே' மறைந்துவிட்டது, வினையும் பையனையே பின்பற்றுகிறது. நிகழ்காலத்தில் மட்டும் வாக்கியங்களைச் சேகரித்தவன் ஹிந்தியை அக்யூசேட்டிவ் மொழி என்றே எழுதுவான். இந்தப் பிளவின் வேர் ஸம்ஸ்கிருதத்தின் பிற்காலத்தில் இருக்கிறது: முடிந்த செயலை, 'ராமனால் புத்தகம் படிக்கப்பட்டது' என்னும் பொருள்பட, 'ராமேண புஸ்தகம் படிதம்' என்று செயப்பாட்டு எச்சத்தால் சொல்லும் வழக்கம் பெருகி, அதுவே பின்வந்த மொழிகளில் சாதாரண இறந்தகால வாக்கியமாகிவிட்டது. முற்றுப்பெற்ற செயலில் மட்டும் கர்த்தா வேறு உருபு தாங்கி நிற்பதன் காரணம் இதுவே. எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிந்த செயலாக ஒரு முறையும், முடியாத செயலாக ஒரு முறையும் கேட்டு வாங்கு.

வினைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 'பையன் புத்தகம் கொண்டுவந்தான்' என்பது 'லட்கா கிதாப் லாயா'. செயப்படுபொருள் இருந்தும் 'நே' வரவில்லை. 'பையன் தும்மினான்' என்பதற்கு 'லட்கே நே சீங்கா' என்பார். செயப்படுபொருள் இல்லாதபோதும் 'நே' வந்துவிடுகிறது. ஒரே ஒரு வினையை வைத்துக்கொண்டு சோதித்தவன் கையில் 'கொண்டுவருதல்' அகப்பட்டிருந்தால் அவன் முடிவு தலைகீழாகிவிடும். அடித்தல், உடைத்தல், வெட்டுதல், தின்னுதல், விழுதல், வருதல், சாதல், உறங்குதல் என்று பக்கத்துக்கு நான்காவது இருக்கட்டும். ஒருவனுடைய செயல் மற்றொன்றை உண்மையில் மாற்றிவிடும் வினைகளே நல்ல சாட்சிகள்.

கர்மத்திலும் ஒரு மயக்கம் உண்டு. உயிருள்ள கர்மத்துக்கு ஹிந்தியில் பெரும்பாலும் 'கோ' என்ற உருபு சேரும். அது சேர்ந்தவுடன் வினை எவரையும் பின்பற்றாது. பையன் பூனையை அடித்தால், பூனை பெண்பாற் சொல்லாயினும், 'லட்கே நே பில்லீ கோ மாரா' என்று வினை ஆண்பால் ஒருமையில் உறைந்து நிற்கும். ஆகவே முதற்சுற்றில் ரொட்டி, விறகு, கயிறு போன்ற உயிரற்ற கர்மங்களையே கேள். தமிழிலும் 'சோறு தின்றான்' என்று 'ஐ' இல்லாமல் சொல்கிறோம் அல்லவா, அது போன்றதே இதுவும். குஜராத்தியோ இந்த இடத்தில் ஹிந்தியிலிருந்து பிரிகிறது: 'சோக்ராஏ சோக்ரீனே மாரீ' என்னும்போது அடிபட்ட பெண்ணுக்கு உருபு இருந்தும் வினை அவளையே பின்பற்றிப் பெண்பாலாக முடிகிறது. அந்த வாக்கியத்தில் 'னே' யாருக்கு வந்திருக்கிறது என்று கவனித்தாயா? ஹிந்தியில் கர்த்தாவின் அடையாளமாக இருந்த ஒலி குஜராத்தியில் கர்மத்தின் அடையாளம், கர்த்தாவுக்கு 'ஏ'. எறையூரில் ஒரு 'னே' காதில் விழுந்த மாத்திரத்தில் எர்கேட்டிவைக் கண்டுவிட்டதாக மகிழ்ந்துவிடாதே.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாமல் தன்மை, முன்னிலைப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். குஜராத்தியில் 'நான்' என்பது வந்தபோது 'ஹும்', தின்றபோது 'மேம்' என்று மாறுகிறது. 'நாங்கள்' என்பதோ இரண்டிலும் 'அமே' தான். 'நாங்கள்' என்று மட்டும் கேட்டவனுக்கு அங்கே ஒன்றும் தென்படாது.

உருபும் விகுதியும் இவ்வாறு தெளிந்த பின்பு, வாக்கியங்களை இணைத்துப் பார். 'பையன் வேறொரு பையனைப் பார்த்தான், போய்விட்டான்' என்னும் பொருளில், இரண்டாவது எழுவாயைச் சொல்லாமல் விட்டு, போனது யார் என்று கேள். ஹிந்தியில் 'நே' பெற்று நின்ற பையன்தான் போனவன். எர்கேட்டிவ் அமைப்பு அங்கே உருபோடும் விகுதியோடும் நின்று, வாக்கியப் பிணைப்புக்குள் இறங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட டிர்பல் மொழியைப் பற்றி ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன் 1972இல் வெளியிட்ட இலக்கணத்தின் வழியே உலகம் அறிந்தது இதற்கு நேர்மாறானது: அம்மொழியில் 'அம்மா அப்பாவைப் பார்த்தாள், திரும்பினார்' என்ற பாங்கில் சொன்னால் திரும்பியவர் பார்க்கப்பட்ட அப்பாவே. அதே டிர்பலில் தன்மை, முன்னிலைப் பெயர்களின் உருபுகள் அக்யூசேட்டிவ் முறையில் அமைந்திருக்கின்றன. ஆகவே 'இம்மொழி எர்கேட்டிவ்' என்ற வாக்கியத்தை உன் குறிப்பேட்டில் எழுதாதே; எந்தக் காலத்தில், எவ்வகைப் பெயரில், உருபிலா விகுதியிலா பிணைப்பிலா என்று எழுது.

எறையூரில் உனக்கு நேரும் தனிச் சங்கடம், அம்மக்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதே. நீ தமிழில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி 'உங்கள் மொழியில் எப்படி?' என்று கேட்டால், உன் வாக்கியத்தின் வரிசையும் உருபும் அவர்களையறியாமல் விடைக்குள் புகுந்துவிடும். ஒரு கயிற்றை அறுத்துக் காட்டி, ஒரு கிளையை விழவைத்து, இப்போது என்ன நடந்தது என்று கேள். பக்கத்தில் இருப்பவரிடம் அவர் தம் மொழியில் சொல்லட்டும். அதன் பின்பு, பெரியவர் ஒருவரிடம் பழைய வேட்டைக் கதை ஒன்றைத் தடையின்றிச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள். நடந்து முடிந்த செயல்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நீ கேட்டு வாங்கிய வாக்கியமும் கதையில் தானாக வந்த வாக்கியமும் முரண்பட்டால் கதையை நம்பு. இரண்டையும் பெயரிட்டு வகைப்படுத்தாமல், கேட்டது கேட்டபடி, சொன்னவரின் வயதோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்பு. முதியவர் சொன்ன உருபை இளைஞர் விட்டுவிடுகிறாரா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பும் அண்ணன்