மைக் கை மாறும்போது

கேள்வி: கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சர்க்கரை ஆலை பற்றி பிரசென்டேஷன் கொடுக்கிறோம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும்போது தடுமாறுகிறது. என்ன செய்யலாம்? – ஒரு மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பேசி முடித்ததும் நடுவர் அவர் சொன்ன ஒரு கருத்தைத் தொட்டுப் பேசி, அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பார். கூட்டம் கவனம் சிதறாமல் அடுத்த பேச்சுக்கு வந்துவிடும். உங்கள் குழுவில் நடுவர் இல்லை. ஆகவே முடிப்பவரே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

“என் பகுதி அவ்வளவுதான், அடுத்து இவங்க பேசுவாங்க” என்றால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். கரும்பு அரைவையை விளக்கியவர், “சாறு போக மிஞ்சும் சக்கையை ஆலை என்ன செய்கிறது?” என்று கேட்டு, தோழியின் பெயரைச் சொல்லி, அவர் பக்கம் திரும்பட்டும். தோழி வணக்கம், அறிமுகம் எதுவும் இல்லாமல், “அதைக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள்” என்று நேரே பதிலில் தொடங்கலாம். நால்வருக்கும் சேர்த்து ஒரே வணக்கம், தொடக்கத்திலேயே போதும்.

தடுமாற்றத்தில் பாதி கால்களில் இருக்கிறது. பெயர் சொன்ன பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தால் மேடை காலியாக நிற்கும். முந்தையவரின் கடைசி ஸ்லைடு வந்ததுமே அடுத்தவர் மைக் அருகே வந்துவிட வேண்டும். புது ஸ்லைடை வருகிறவரே மாற்றட்டும்.

ஒத்திகைக்கு நேரம் குறைவா? ஒவ்வொருவரின் கடைசி இரண்டு வரி, அடுத்தவரின் முதல் இரண்டு வரி, இவற்றை மட்டும் நின்றபடி, மைக்கைக் கை மாற்றிப் பழகுங்கள்.